விற்பனை குறைந்தால் சரிவு நிலை என்று எழுதிவிடலாமா?

கேள்வி: எம்.காம். முதலாண்டு படிக்கிறேன். சந்தையியல் வினாடி வினாவில் இரண்டு கேள்விகள் வந்தன. முதல் கேள்வியில், டிவிடி பிளேயர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனை நான்கு ஆண்டுகளில் 1,00,000இலிருந்து 40,000ஆகக் குறைந்தது; மொத்தச் சந்தை 10 இலட்சத்திலிருந்து 3.5 இலட்சமானது. விடை: சரிவு நிலை, அறுவடை உத்தி. இரண்டாவதில், அதே நான்கு ஆண்டுகளில் ஒரு பற்பசையின் விற்பனை 1,00,000இலிருந்து 80,000ஆகக் குறைந்தது. மொத்தச் சந்தை 10 இலட்சத்திலிருந்து 10.4 இலட்சமானது. விடை: முதிர்ச்சி நிலை, பொருளை மாற்றியமைத்தல். நான் இரண்டுக்குமே ‘சரிவு நிலை, பொருளைக் கைவிடுதல்’ என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். இரண்டிலும் விற்பனை குறைகிறதே, விடை மட்டும் ஏன் வேறு?

பதில்:

இரண்டு விடைகளும் சரியானவையே. நீங்கள் நிறுவனத்தின் விற்பனையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். கேள்வி கேட்டவர் மொத்தச் சந்தையின் அளவையும் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்ற நான்கு நிலைகளைக் கொண்ட வாழ்க்கைச் சுழற்சி என்பது முதலில் ஒரு பொருள்வகைக்கு உரியது, பிறகுதான் ஒரு நிறுவனத்தின் பெயர் தாங்கிய பொருளுக்கு. டிவிடி பிளேயர் என்ற வகையே மக்களின் வீட்டிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கிறதா, அல்லது மக்கள் பற்பசையை முன்போலவே வாங்கிக்கொண்டு இந்த நிறுவனத்தின் பற்பசையை மட்டும் தவிர்க்கிறார்களா என்பதே நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். டிவிடி பிளேயர் நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் சந்தையில் 10 சதவீதப் பங்கு இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் 3.5 இலட்சத்தில் 40,000 என்றால் பங்கு ஏறக்குறைய 11.4 சதவீதம். அதாவது விற்பனை பாதிக்கும் கீழே போயிருந்தாலும், போட்டியாளர்களோடு ஒப்பிட்டால் இந்த நிறுவனம் சற்று முன்னேறியிருக்கிறது. பங்கு பழையபடி 10 சதவீதமாகவே இருந்திருந்தால் 35,000 மட்டுமே விற்றிருக்கும். ஆகவே சந்தை சுருங்கியதால் 65,000 போயிற்று, நிறுவனத்தின் திறமையால் 5,000 திரும்பி வந்தது. குறை பொருளிலும் இல்லை, விற்பவரிடமும் இல்லை. பொருளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

பற்பசையில் நிலைமை நேர்மாறானது. பழைய 10 சதவீதப் பங்கு நிலைத்திருந்தால் 10.4 இலட்சச் சந்தையில் 1,04,000 விற்றிருக்க வேண்டும், விற்றது 80,000. எனவே உண்மையான இழப்பு, கேள்வியில் மேலோட்டமாகத் தெரிகிற 20,000 அல்ல, 24,000. அந்த 24,000 வாடிக்கையாளர்கள் பல் துலக்குவதை நிறுத்திவிடவில்லை, வேறொருவரின் பற்பசையை வாங்கிவிட்டார்கள். சந்தை நான்கு ஆண்டுகளில் மொத்தமாகவே 4 சதவீதம்தான் வளர்ந்திருக்கிறது என்பது முதிர்ச்சி நிலையின் அடையாளம். முதிர்ந்த சந்தையில் புதிய வாடிக்கையாளர்கள் அதிகம் வருவதில்லை. ஒருவர் இழப்பது மற்றொருவருக்குப் போகிறது. இழந்தவற்றை மீட்க முடியும் என்பதால்தான் பொருளை மாற்றியமைத்தல் அங்கே விடையாகிறது.

அறிமுக நிலையையும் வளர்ச்சி நிலையையும் இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. முதலாவதில் விற்பனை குறைவு, செலவு அதிகம், பெரும்பாலும் நட்டம். இரண்டாவதில் விற்பனை வேகமாக ஏறும், இலாபம் வரத் தொடங்கும், அதைப் பார்த்துப் போட்டியாளர்கள் நுழைவார்கள். விற்பனை குறைவதைப் பற்றிய கேள்விகளில் மாணவர்கள் தடுமாறுவது எப்போதும் முதிர்ச்சிக்கும் சரிவுக்கும் இடையிலுள்ள எல்லையில்தான். சில பாடநூல்கள் சரிவு நிலையை வீழ்ச்சி நிலை என்று அச்சிடுகின்றன, இரண்டும் ஒன்றே.

அந்த எல்லையில் வைக்கப்படுகிற பொறிகளில் ஒன்று சொற்களிலேயே இருக்கிறது. ‘விற்பனை குறைகிறது’ என்பதும் ‘விற்பனை வளர்ச்சி வீதம் குறைகிறது’ என்பதும் ஒன்றல்ல. ஒரு பொருள் முதல் ஆண்டு 1,00,000, அடுத்த ஆண்டு 1,30,000, பிறகு 1,46,000, பிறகு 1,50,000 விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி வீதம் 30 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகி, 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. இதை வரைபடமாக்கி வளர்ச்சி வீதத்தை மட்டும் காட்டினால் கோடு செங்குத்தாக இறங்கும். ஆனால் விற்பனை ஓர் ஆண்டில்கூடக் குறையவில்லை. இது வளர்ச்சியிலிருந்து முதிர்ச்சிக்கு நகர்கிற பொருள். வரைபடம் கொடுக்கப்பட்டிருந்தால், செங்குத்து அச்சில் எண்ணிக்கை இருக்கிறதா, சதவீதம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதைப் படியுங்கள்.

இலாபத்தைப் பற்றிய பொறியும் இதே வகையைச் சேர்ந்தது. இலாபத்தின் உச்சம் பொதுவாக விற்பனையின் உச்சத்துக்கு முன்பே வந்துவிடும். வளர்ச்சி நிலையின் பிற்பகுதியில் போட்டி கடுமையாகி, விலையைக் குறைக்கவும் கடைக்காரருக்குக் கூடுதல் கழிவு கொடுக்கவும் விளம்பரத்தைப் பெருக்கவும் நேர்வதால், விற்பனை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே இலாபம் இறங்கத் தொடங்குகிறது. ஆகவே ‘இலாபம் குறைகிறது, விற்பனை மெதுவாக உயர்கிறது’ என்று கேள்வி சொன்னால் அது முதிர்ச்சி. அதில் சரிவு என்று எழுதுவது, தலை நரைத்தவரை மரணப் படுக்கையில் இருப்பவராகக் கருதுவதைப் போன்றது.

வகுப்பறைக்கு வெளியே இன்னொரு குழப்பமும் உண்டு. வினாடி வினாவில் அரிதாகவே வரும் என்றாலும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நுகர்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பணியாற்றியபோது, எங்கள் சோப்பு ஒன்றின் விற்பனை தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் வீழ்ந்தது. பொருள் முடிந்துவிட்டது என்று தலைமை அலுவலகத்தில் பேச்சு எழுந்தது. அவர்கள் பார்த்தது பிரைமரி சேல்ஸ், அதாவது நிறுவனம் விநியோகஸ்தருக்கு விற்றது. விநியோகஸ்தர் கடைகளுக்கு விற்ற செகண்டரி சேல்ஸ் கணக்கை வாங்கிப் பார்த்தபோது அது ஏறக்குறைய மாறாமல் இருந்தது. ஆண்டு முடிவில் இலக்கை எட்டுவதற்காக நாங்களே விநியோகஸ்தர்களின் கிடங்குகளில் சரக்கைத் திணித்திருந்தோம்; அவர்கள் அந்தச் சரக்கு தீரும்வரை புதிதாக வாங்கவில்லை, அவ்வளவுதான். விற்பனை குறைவதாகச் சொல்லப்படும்போது, யார் யாருக்கு விற்றது குறைகிறது என்று கேட்காமல் எந்த நிலையையும் தீர்மானிக்கக் கூடாது என்பதை அங்கேதான் கற்றேன்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சந்தை உயிரோடிருக்க, தன் பொருள் மட்டும் தேய்ந்துகொண்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, சென்னை திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டின் கதையை விடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். 1955இல் புல்லட் மோட்டார் சைக்கிளை இங்கே தயாரிப்பதற்காக என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவானது. இங்கிலாந்திலிருந்த மூல நிறுவனம் பின்னர் மூடப்பட்டுவிட, சென்னையில் புல்லட் தொடர்ந்து உற்பத்தியானது. 1994இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில், மாதம் 6,000 வண்டிகள் செய்யக்கூடிய இடத்தில் ஏறக்குறைய 2,000 வண்டிகளே விற்றன. இதை மூடுவதா, விற்றுவிடுவதா என்று ஐஷரின் இயக்குநர் குழு எண்ணிக்கொண்டிருந்த வேளையில், இருபதுகளின் நடுவில் இருந்த சித்தார்த்த லால் கால அவகாசம் கேட்டுப் பொறுப்பேற்றார்.

அன்றைய புள்ளிவிவரத்தை உங்களிடம் கொடுத்திருந்தால் ‘சரிவு நிலை, கைவிடுதல்’ என்றே எழுதியிருப்பீர்கள். இயக்குநர் குழுவும் ஏறக்குறைய அதையே எழுதவிருந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் இந்தியாவில் மோட்டார் சைக்கிள் சந்தை வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. எரிபொருள் குறைவாகக் குடிக்கும் 100 சிசி வண்டிகள் ஸ்கூட்டரின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. மக்கள் மோட்டார் சைக்கிளை வெறுக்கவில்லை. புல்லட்டின் தோற்றத்தையும் ஓசையையும்கூட வெறுக்கவில்லை. எண்ணெய் கசிவதையும், உதைத்துக் கிளப்புவதில் இருந்த சிரமத்தையும், பிற வண்டிகளுக்கு மாறாகக் கியர் வலப்புறமும் பிரேக் இடப்புறமும் இருந்ததையும், அடிக்கடி பழுதானதையும்தான் வெறுத்தார்கள். இவை எல்லாம் திருத்தக்கூடிய குறைகள். ‘வாங்காமல் போனவர் ஏன் போனார்’ என்ற கேள்விக்கு ‘அந்தத் தேவையே அவருக்கு இல்லை’ என்று பதில் வந்தால் அது சரிவு; ‘உங்கள் பொருளில் இது சரியில்லை’ என்று பதில் வந்தால் அது முதிர்ச்சி நிலையில் பின்தங்கிய பொருள்.

அவர்கள் செய்தது பாடநூல் சொல்லும் மாற்றியமைத்தலேதான், ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஜெய்ப்பூரில் இருந்த ஆலையை மூடிச் செலவைக் குறைத்தார்கள். வண்டியின் தரத்தையும் விற்பனையகங்களையும் படிப்படியாகச் சீர்செய்தார்கள். கியரை இடப்புறத்துக்கு மாற்றினார்கள். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதியைக் கொடுத்தார்கள். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பதிலாகப் புதிய எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். அதே சமயம் பழைய தோற்றத்தைத் தொடாமல் காத்தார்கள். எஞ்சினை நவீனமாக்கித் தோற்றத்தைப் பழமையாக வைத்த ‘கிளாசிக்’ வண்டி 2009ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2010இல் ஆண்டுக்கு ஏறக்குறைய 50,000ஆக இருந்த விற்பனை 2014இல் 3 இலட்சத்தையும், 2018–19 நிதியாண்டில் 8 இலட்சத்தையும் தாண்டியது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. அதே ஐஷர் குழுமம் அதே ஆண்டுகளில் தன் பல தொழில்களிலிருந்து விலகியது. 2005இல் டிராக்டர் தொழிலைச் சென்னையின் டாஃபே நிறுவனத்துக்கு விற்றது. ஒரு கையால் மாற்றியமைத்தலையும் மறுகையால் விலகலையும் ஒரே நிர்வாகம் செய்தது. எந்தப் பொருளுக்குப் பணமும் கவனமும் போக வேண்டும் என்று தீர்மானித்தால்தான் ஒன்றை மீட்க முடியும் என்பதால், இந்த இரண்டு உத்திகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி பற்பசையைப் பற்றியது என்பதால், தவறான உத்தி என்ன செய்யும் என்பதற்கு ஒரு பற்பசையையே சொல்லலாம். அமெரிக்காவில் இபானா என்ற பற்பசை நீண்ட காலம் விற்பனையில் இருந்தது. அதைத் தயாரித்த பிரிஸ்டல்-மையர்ஸ் நிறுவனம், புதிய பெயர்களில் தன் பணத்தைச் செலவிட விரும்பி, 1968இல் இபானாவைக் கைவிட்டது. மறு ஆண்டு மின்னசோட்டாவைச் சேர்ந்த இரண்டு வணிகர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, பசையின் கலவையைப் புதிதாக்கி, பழைய உறையையே வைத்து விற்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய விளம்பரமே இல்லாமல் முதல் ஏழு மாதங்களில் 2,50,000 டாலருக்கு விற்பனையானது. வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாட்டை மறக்கச் சொல்லி 1976இல் தல்லா, யூஸ்பே என்ற இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த நிகழ்வை எடுத்துக்காட்டியது. அவர்களுடைய வாதம் இது: விற்பனை சற்றுக் குறைந்ததும் நிர்வாகம் ‘சரிவு நிலை வந்துவிட்டது’ என்று முடிவுகட்டி விளம்பரத்தை வெட்டுகிறது; விளம்பரம் வெட்டப்பட்டதால் விற்பனை மேலும் குறைகிறது; அதைப் பார்த்த நிர்வாகம் தன் கணிப்பு சரியென்று மகிழ்கிறது. கோட்பாட்டையே மறக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் பற்பசைக் கேள்விக்கு அறுவடை என்றோ கைவிடுதல் என்றோ எழுதுவது ஏன் பெரிய தவறு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. மீட்கக்கூடிய 24,000 வாடிக்கையாளர்களை அந்த விடை போட்டியாளருக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறது.

இப்போது முதல் கேள்வி. டிவிடி பிளேயர் சரிவு நிலையில் இருக்கிறது என்பதை நீங்கள் சரியாகவே எழுதினீர்கள். ‘கைவிடுதல்’ ஏன் தவறு என்பதுதான் மீதி. சரிவு நிலை என்றால் உடனே நிறுத்துவது என்று பலர் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சரிந்துவரும் தொழில்களை விரிவாக ஆராய்ந்த கேத்ரின் ஹாரிகன், மைக்கேல் போர்ட்டருடன் சேர்ந்து 1983இல் எழுதியதில், இந்நிலையில் நான்கு வழிகள் உண்டு என்று காட்டினார்: மற்றவர்கள் விலகும்போது தான் நின்று எஞ்சிய சந்தையின் தலைவராவது, அழியாமல் எஞ்சும் ஒரு சிறு பிரிவை மட்டும் பிடித்துக்கொள்வது, முதலீட்டை நிறுத்தி வரக்கூடிய பணத்தை அறுவடை செய்வது, விலை கிடைக்கும்போதே விரைந்து விற்று வெளியேறுவது. எது பொருந்தும் என்பதை இரண்டு செய்திகள் தீர்மானிக்கின்றன. எஞ்சியிருக்கும் தேவை எப்படி இறங்குகிறது, மெதுவாகவும் ஊகிக்கக்கூடிய வகையிலும் இறங்குகிறதா, தலைகுப்புற விழுகிறதா என்பது ஒன்று. அந்த எஞ்சிய தேவையில் இந்த நிறுவனம் மற்றவரைவிட வலுவாக இருக்கிறதா என்பது மற்றொன்று.

அறுவடை என்ற சொல்லையே மாணவர்கள் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பொருளைப் புறக்கணிப்பது அறுவடை அல்ல. புதிய முதலீட்டையும் ஆராய்ச்சியையும் பெரும்பாலான விளம்பரத்தையும் நிறுத்தி, வகைகளைக் குறைத்து, சரியாக விற்காத கடைகளிலிருந்து விலகி, ஆனால் இன்னும் தேடிவந்து வாங்குபவருக்குப் பொருள் கிடைக்கும்படி வைத்திருப்பதே அறுவடை. விலையைக் குறைக்க வேண்டியதில்லை. டிவிடி பிளேயரை விட்டுப்போனவர் விலை காரணமாகப் போகவில்லை, இணையத்தில் படம் பார்க்க முடிவதால் போனார். விலையைப் பாதியாக்கினாலும் அவர் திரும்ப மாட்டார். எஞ்சி நிற்பவரோ வீட்டில் அலமாரி நிறைய வட்டுகளை வைத்திருப்பவர். அவருக்கு விலை பெரிய தடையல்ல. அதனால்தான் ‘விளம்பரத்தைப் பெருக்குதல்’, ‘விலையைக் குறைத்தல்’ ஆகிய விடைகள் இங்கே பொருந்துவதில்லை.

கைவிடுவதா, அறுவடையா என்பதை எண்களோடு பார்ப்போம். உங்கள் கேள்வியில் இல்லாத சில தொகைகளை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பிளேயரின் விலை ₹2,000. அதைச் செய்து விற்பதற்கான மாறும் செலவு ₹1,500. ஒவ்வொன்றும் ₹500 பங்களிப்புத் தருகிறது. 40,000 விற்றால் பங்களிப்பு ₹2 கோடி. இந்தப் பொருளுக்காகவே செய்யப்படும், பொருளை நிறுத்தினால் நின்றுவிடக்கூடிய நிலையான செலவு ₹1.2 கோடி, அதில் ₹50 இலட்சம் விளம்பரத்துக்கு. இவை தவிர, தலைமை அலுவலக வாடகை, நிர்வாகிகளின் ஊதியம் போன்ற பொதுச் செலவில் ₹1.1 கோடியைக் கணக்குப் பிரிவு இந்தப் பொருளின் தலையில் ஏற்றியிருக்கிறது.

கணக்குப் புத்தகத்தில் இது ₹30 இலட்சம் நட்டம் தரும் பொருள். ‘நட்டம், ஆகவே நிறுத்து’ என்று தோன்றும். ஆனால் நிறுத்தினால் தலைமை அலுவலக வாடகை நின்றுவிடாது, அந்த ₹1.1 கோடி அப்படியே மற்றப் பொருட்களின் தலைக்கு மாறும். நிறுத்துவதால் நிறுவனம் இழப்பது பங்களிப்பு ₹2 கோடியை, மிச்சப்படுத்துவது ₹1.2 கோடியை. அதாவது புத்தகத்தில் நட்டமாகத் தெரியும் பொருளை நிறுத்தியதால் நிறுவனம் முழுவதற்கும் ஆண்டுக்கு ₹80 இலட்சம் குறையும். விற்பனை குறைந்துவரும் பொருட்களில் மிகப் பல அவசர முடிவுகள் இந்தப் பொதுச் செலவுப் பகிர்வைச் சரியாகப் பிரித்துப் பார்க்காததால் எடுக்கப்படுகின்றன என்பது என் அனுபவம்.

அடுத்த ஆண்டு விளம்பரத்தைத் தொடர்ந்தால் 35,000 விற்கும், விளம்பரத்தை நிறுத்தினால் 32,000 விற்கும் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்தால் பங்களிப்பு ₹1.75 கோடி, தவிர்க்கக்கூடிய செலவு ₹1.2 கோடி, மிச்சம் ₹55 இலட்சம். நிறுத்தினால் பங்களிப்பு ₹1.6 கோடி, செலவு ₹70 இலட்சம், மிச்சம் ₹90 இலட்சம். ₹50 இலட்சம் விளம்பரம் வாங்கித் தந்தது 3,000 பிளேயர்களை, அதாவது ₹15 இலட்சம் பங்களிப்பை மட்டுமே. சரிவு நிலையில் விளம்பரத்தை வெட்டுவது இந்த ஒப்பீட்டால்தான் நியாயமாகிறது. பற்பசைக்கு இதே ஒப்பீட்டைச் செய்தால் முடிவு தலைகீழாக வரக்கூடும். அங்கே விளம்பரமும் புதிய கலவையும் சேர்ந்து 24,000 பேரை நோக்கிப் பேசுகின்றன, பிளேயருக்கோ பேசுவதற்கு ஆளே குறைந்துகொண்டிருக்கிறது.

இதே கணக்கு, உங்கள் விடை எப்போது சரியாகும் என்பதையும் காட்டுகிறது. விளம்பரத்தை வெட்டிய பிறகு தவிர்க்கக்கூடிய செலவு ₹70 இலட்சம். அதை ஈடுகட்ட 14,000 பிளேயர்கள் விற்க வேண்டும். விற்பனை 22,000ஆக இருக்கும் ஆண்டில் ₹40 இலட்சம் மிஞ்சும். 14,000ஐத் தொடும் ஆண்டில் எதுவும் மிஞ்சாது. அதற்குக் கீழே போனால் கைவிடுவதே சரி. உண்மையில் அந்த எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்துவது நல்லது. சிறு சிறு தொகுதிகளாகத் தயாரிக்கும்போது ஒவ்வொன்றின் செலவும் ஏறும், உதிரிப்பாகம் தருபவர் குறைந்த அளவுக்கு விலையை உயர்த்துவார், விற்காத சரக்கில் பணம் முடங்கும். இவை எதுவும் ₹1,500 என்ற பழைய எண்ணில் சேர்ந்திருக்காது. அதே ஆலை வரிசையில் வேறொரு பொருளைச் செய்து ஆண்டுக்கு ₹90 இலட்சத்துக்கு மேல் சம்பாதிக்க முடியும் என்று கேள்வியில் ஒரு வரி இருந்தால், 32,000 விற்கும்போதே கைவிடுவது சரியான விடையாகிவிடும். கேள்வியில் அப்படி ஒரு வரி இல்லாததால்தான் விடைக்குறிப்பு அறுவடை என்கிறது.

மொத்தச் சந்தையின் அளவு கொடுக்கப்படாமல், நிறுவனத்தின் விற்பனை மட்டும் குறைவதாகக் கேள்வி வந்தால், காரணத்தைச் சொல்லும் சொற்களைத் தேடுங்கள். ‘புதிய தொழில்நுட்பம்’, ‘பழக்கம் மாறியது’, ‘போட்டியாளர்கள் வெளியேறுகிறார்கள்’ என்பவை சரிவைக் காட்டும். ‘போட்டியாளர்கள் பெருகினர்’, ‘விலைப் போர்’, ‘வேறு நிறுவனத்தின் பொருளை விரும்புகின்றனர்’ என்பவை முதிர்ச்சியைக் காட்டும். அந்தச் சொற்களும் இல்லையென்றால், பெரும்பாலான வினாத்தாள்கள் எதிர்பார்ப்பது சரிவு நிலை என்பதையே. எழுத்துத் தேர்வாக இருந்தால் ‘பொருள்வகை முழுவதும் குறைகிறது என்று கொண்டால்’ என ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள், திருத்துபவருக்கு உங்கள் தெளிவு புரியும்.

கைவிடுதலே விடையாக வரும் கேள்வியில், எப்படிக் கைவிடுவது என்றும் சில சமயம் கேட்பார்கள். கோடாக் நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய கோடாக்ரோம் படச்சுருளை நிறுத்தப்போவதாக 2009 ஜூன் மாதம் அறிவித்தது. அந்தச் சுருளைக் கழுவுவதற்கு அதற்கென்றே தனி வேதிப்பொருட்களும் தனி இயந்திரமும் வேண்டும். அப்போது அதைச் செய்யும் ஆய்வகம் உலகில் ஒன்றே ஒன்று, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற ஊரில் இருந்தது. சுருள் விற்பனையை நிறுத்திய அன்றே கழுவுவதும் நின்றிருந்தால், மக்கள் எடுத்து வைத்திருந்த படங்கள் வீணாகியிருக்கும். கழுவுவதற்கான சுருள்களை அந்த ஆய்வகம் 2010 டிசம்பர் 30 வரை ஏற்றுக்கொண்டது. வாங்கியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் கிடைத்தன. டிவிடி பிளேயருக்கும் இதுவே பொருந்தும்: உற்பத்தியை நிறுத்தும் நாளை முன்கூட்டியே விநியோகஸ்தருக்குச் சொல்லி அவர்கள் கையிருப்பைத் தீர்க்க விடுவதும், கடைசியாக விற்ற பிளேயரின் உத்தரவாதக் காலம் முடியும்வரை உதிரிப்பாகங்களை இருப்பில் வைத்திருப்பதும் கைவிடுதல் உத்தியின் பகுதிகளே. அவற்றுக்கான செலவையும், நிறுத்துவது என்று முடிவெடுக்கும் ஆண்டின் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும்.